சோறு போடக் கல்யாண வீடு இல்லை

திருவாரூரில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் எழில்மொழி ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது பாதி வேலை. எந்த ஊருக்கு யார் போவது, எத்தனை கேமரா, எந்த வண்டி என்று ஏற்பாடு செய்வது மீதி வேலை. ஊர் நன்னிலம். அப்பா குத்தகைக்கு நெல் போடுகிறவர். கணவர் ராஜ்குமார் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். கல்யாணங்களுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் நிறைய படம் பார்ப்பாள். படம் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்ததில்லை. படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆசை இருந்தது.

அதே ஸ்டுடியோவின் கேமராமேன் சதீஷுக்குத்தான் படம் எடுக்கும் ஆசை. அவள் வயதுதான். ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஒரு குத்தகை விவசாயியின் கதையை எழுதி வைத்திருந்தான். பதினைந்து நிமிடப் படம். காய்ந்த வாய்க்காலில் தொடங்கி, அந்த மனிதர் நாகப்பட்டினம் போய்க் கடலைப் பார்ப்பதில் முடியும். சேர்த்து வைத்த பணமும் மைத்துனர் தந்ததுமாக அறுபதாயிரம் இருந்தது.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கடைமடைக்கு வந்து சேர இரண்டு வாரம் பிடிக்கலாம். அதற்குள் காய்ந்த வாய்க்காலைப் படம் பிடித்தாக வேண்டும். விட்டால் அடுத்த வருடம்தான்.

சதீஷ் பட்ஜெட்டை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். மூன்று நாளுக்குக் கேமரா, லென்ஸ், லைட் வாடகை, ஒலிப்பதிவாளர் சம்பளம், நடிகர் சம்பளம், பிறகு கலர், ஒலிக்கலவை. எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம். மிச்சம் எட்டாயிரத்துக்கு ஒரு டிரோன் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

எழில்மொழி படித்துப் பார்த்தாள். வாடகைகளெல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் ஏதோ ஒன்று இல்லை. என்னவென்று அவளுக்கும் உடனே பிடிபடவில்லை. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தாள். பிறகுதான் உறைத்தது.

"சதீஷ், நமக்கு எப்பவும் கல்யாண வீட்டுல சோறு போட்டுருவாங்க. வண்டியும் அனுப்பிருவாங்க. ரூமும் அவங்களே பாத்துக்குவாங்க. இங்க யாரு போடுவா?"

சதீஷ் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். யூனிட்டில் பன்னிரண்டு பேர். காலை டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு, இரண்டு வேளை டீ என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய் பிடித்தாலே மூன்று நாளுக்குப் பதினோராயிரத்தைத் தொட்டது. தஞ்சாவூரிலிருந்து கருவிகளும் ஆட்களும் வந்து போக வேன், டீசல், டிரைவர் பேட்டா. நடிகருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் தங்க அறை. எடுத்த காட்சிகளைப் பத்திரமாக இரண்டு இடத்தில் வைக்க இரண்டு ஹார்டு டிஸ்க். ராத்திரிக் காட்சிக்கு ஜெனரேட்டர். வேட்டி, மண்வெட்டி, கயிற்றுக்கட்டில் முதலான சாமான்கள். எதிர்பாராத செலவுக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டி ஓடியது.

சதீஷ் முதலில் கை வைத்தது சாப்பாட்டில்தான். எல்லாரும் நண்பர்கள், பொட்டலம் வாங்கிக் கொடுத்தால் போதும், அனுசரித்துக்கொள்வார்கள் என்றான். எழில்மொழி ஒத்துக்கொள்ளவில்லை. வெயிலில் நிற்கிறவர்களுக்கு இரண்டு மணிக்குச் சோறு வராவிட்டால் நாலு மணிக்குமேல் ஒரு ஷாட்டும் உருப்படியாக வராது என்றாள். குறைக்க வேண்டுமானால் கதையில் குறைக்கலாம் என்றாள்.

"கதையில எத?" என்றான்.

"கடல."

அவன் எழுந்து போய்விட்டான். அந்தக் காட்சிக்காகத்தான் அந்தப் படத்தையே எழுதினான் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு காட்சிக்காக யூனிட் முழுவதும் ஒரு நாள் நாகப்பட்டினம் போய்வர வேண்டியிருந்தது. சொன்னது நியாயம்தான் என்றாலும் சொன்ன விதம் அவளுக்கே வலித்தது. அன்று எடிட்டிங்கில் உட்கார்ந்தவள் ஒரே மாலை மாற்றும் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சதீஷே வந்தான். கடலைக் காட்டாமல், நமக்கு வரவேண்டிய தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று ஒருவர் கேட்க, விவசாயி கடல் இருக்கிற கிழக்கே கை நீட்டுவதோடு முடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டான். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தான். நன்றாக இருக்கும் என்றாள். முகதாட்சண்யத்துக்காகச் சொல்லவில்லை.

கடல் போனதும் மூன்று நாள் இரண்டானது. ராத்திரிக் காட்சியை அந்திக்கு மாற்றினார்கள். ஜெனரேட்டரும் பாதி லைட்டும் தேவையில்லாமல் போயின. யூனிட் ஒன்பது பேராகச் சுருங்கியது. கருவிகளுக்கு ஒரு லோடு ஆட்டோ; ஆட்களுக்கு பஸ் கட்டணமும் பைக்குக்குப் பெட்ரோலும். இரண்டாவது ஹார்டு டிஸ்க்கை ஸ்டுடியோவில் இரவல் கேட்டார்கள். டிரோனை மறந்தார்கள். எல்லாம் போக அவசரத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் நின்றது. அதை மட்டும் தொடக்கூடாது என்று எழில்மொழி தனிக் கணக்கில் போட்டு வைத்தாள்.

நன்னிலத்துக்கு அந்தப் பக்கம், துரைராசு என்பவரின் வயலிலும் வாய்க்காலிலும் படப்பிடிப்பு. அவருக்கு ஒரு தொகை பேசியிருந்தார்கள். அவர் வீட்டு அமிர்தம் அம்மாள் கூலி வாங்கிக்கொண்டு மதியச் சமையலை ஏற்றுக்கொண்டார். விவசாயியாக நடித்தவர் பஞ்சநாதன், தஞ்சாவூரில் நாடகம் போடுகிறவர்.

முதல் நாள் பத்து மணிக்கே எழில்மொழியின் தப்பு ஒன்று வெளிப்பட்டது. குடிதண்ணீருக்கு அவள் கணக்கே போடவில்லை. ஜூன் வெயில், ஒன்பது பேரும் தவித்துவிட்டார்கள். பஞ்சநாதன் புங்கமர நிழலில் போய் உட்கார்ந்தார். அவளுக்குக் கூசிப்போயிற்று. ஆளனுப்பி கேன் கேனாக வரவழைத்தாள். தொடக்கூடாது என்று வைத்த பணம் முதல் நாளே தொடப்பட்டது. சதீஷ் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. கொட்டித் தீர்த்தது. காய்ந்த வாய்க்காலில் எடுக்க இன்னும் ஆறு ஷாட் இருந்தன, கை நீட்டுகிற கடைசிக் காட்சியும் சேர்த்து. மேலே இரண்டு மதகு தள்ளித் தண்ணீர் வந்துவிட்டதாகத் துரைராசு சொன்னார். நாளை மதியத்துக்கு மேல் நிச்சயமில்லை.

சதீஷ் பம்புசெட் கொட்டகையில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுது," என்றான்.

"முடியல. அரை நாளுக்குப் பணம் இருக்கு," என்றாள் எழில்மொழி.

கேமரா வாடகைக்காரரிடமும் ஒலிப்பதிவாளரிடமும் இன்னும் அரை நாளுக்கு அங்கேயே பேசி முடித்தாள். லோடு ஆட்டோவையும் நிறுத்தி வைத்தாள். அவர்கள் சொன்ன தொகைக்கெல்லாம் பணம் இருந்தது, சாப்பாட்டுக்குத்தான் இல்லை. நடிகரையும் ஒலிப்பதிவாளரையும் தன் அப்பா வீட்டிலேயே தங்கவைத்தாள். காலையில் ஒன்பது பேருக்கும் அங்கிருந்தே இட்லி வந்தது. அரிசி, உளுந்து, கேஸ் என்று அதையும் செலவில் எழுதினாள். சதீஷ் எதற்கென்று கேட்டான். அடுத்த படத்துக்குப் பட்ஜெட் போடும்போது இட்லி சும்மா வரும் என்று நினைத்துவிடக்கூடாதே என்றாள்.

ஈர மண் வெளிறுகிறவரை காத்திருந்து, மிச்ச ஈரம் தெரியாதபடி நெருக்கிப் பிடித்த கோணங்களில் ஆறு ஷாட்டையும் எடுத்தார்கள். பஞ்சநாதன் கிழக்கே கை நீட்டியதோடு கடைசி ஷாட் முடிந்தது. பத்தரை மணிக்குப் பேக்கப். தண்ணீர் அன்று சாயங்காலம் வந்தது.

படத்துக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கல்லூரி விழாவில் போட்டார்கள். சில பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள், சில பேர் போன் பார்த்தார்கள். ஆனால் ஒரு மாதத்தில் பட்டுக்கோட்டையிலிருந்து இரண்டு பேர் எழில்மொழியைத் தேடி வந்தார்கள். எங்கள் படத்துக்கும் பட்ஜெட் போட்டுத் தர வேண்டும், சம்பளம் என்ன என்று கேட்டார்கள்.

 சதீஷின் படத்தில் அவளுக்கென்று ஒரு ரூபாயும் எழுதியிருக்கவில்லை. அவளும் எழுதவில்லை, அவனும் எழுதவில்லை. அதை ராஜ்குமாரிடம் போனில் சொன்னாள். இனிமேல் முதல் வரியிலேயே உன் சம்பளத்தை எழுது என்றார் அவர். வந்தவர்களிடம் அவள் ஒரு தொகை சொன்னாள்.  அவர்கள் பேரம் பேசாமல் சரி என்றார்கள்.