சார் இன்னும் தலையாட்டலை

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ரிமைண்டர் அக்கா. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. கொள்முதல் பிரிவில் வேலை. ஊசியோ கையுறையோ, வாங்கிய சரக்குக்கு நிதிப் பிரிவிலிருந்து பணம் போய்ச் சேரும்வரை துரத்துவது அவள் பொறுப்பு. துரத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கெஞ்ச மாட்டாள், சண்டைக்கும் போக மாட்டாள். ஆர்டர் எண், பில் எண், யாரிடம் நிற்கிறது, அதனால் இங்கே எது நிற்கிறது, அவ்வளவுதான் எழுதுவாள். பதில் வராவிட்டால் மறுநாளும் அதையே அனுப்புவாள். அப்புறமும் வராவிட்டால் மாடியேறி நிதிப் பிரிவுக்கே போய் எதிரிலேயே நின்றுகொள்வாள். "ஐயோ, வந்துட்டாங்கப்பா" என்று அங்கே பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவளையே ஒரு பில் ஆட்டிவைத்தது.

டயலைசர் வாங்கிய பில். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டி அது. அது இல்லாமல் டயாலிசிஸ் கிடையாது. சரக்கு வந்தாயிற்று, ஸ்டோரில் எண்ணி வாங்கியாயிற்று, பில்லும் ஆர்டரும் ஒத்துப்போகின்றன, முதல் கட்டச் சரிபார்ப்பும் முடிந்தது. இரண்டாம் கட்ட அனுமதி மட்டும் பாக்கி. அது விழாமல் பணம் வங்கிக்குப் போகாது. சப்ளையரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? பழைய பணம் வந்தால்தான் புதுச் சரக்கு என்று சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டார். கையிருப்பு வெள்ளிக்கிழமையோடு சரி.

சனிக்கிழமை அவளுடைய தம்பியின் முறை.

தம்பி ஒரு கிண்டல்காரன். "அக்கா, என் கிட்னிக்கும் ஒரு ரிமைண்டர் போடேன். அதுவும் ரொம்ப நாளா நிலுவையிலதான் இருக்கு" என்பான். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

பில் யாரிடம் நிற்கிறது என்று திரையில் பார்த்தாள். துணை நிதி அதிகாரி. அடக் கொடுமையே, அந்த மனிதர் இறந்து மூன்று வாரமாகிறது! காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டார், திரும்பி வரவில்லை. இரங்கல் கூட்டத்தில் இவளும்தான் தலைகுனிந்து நின்றாள். ஆனாலும் கை பழக்கத்தை விடுமா? வழக்கம்போல அவருக்கே எழுதி அனுப்பினாள்.

பதில் வந்தது. "நான் விடுப்பில் இருக்கிறேன். திரும்பியதும் தங்கள் செய்தியைக் கவனிக்கிறேன்."

தானாகப் போகிற பதில்தான். தெரியும். தெரிந்தும் அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

நிதித் தலைவரிடம் போனாள். "அவர் பெட்டியில இருக்கிறதை வேற ஒருத்தருக்கு மாத்தணும்னா மனிதவளப் பிரிவுல இருந்து கடிதம் வேணும்மா" என்றார். மனிதவளப் பிரிவில், "வீட்டுல இருந்து இறப்புச் சான்றிதழ் இன்னும் வரலை. அதுவரைக்கும் கணக்குல அவர் லீவுலதான் இருக்கார்" என்றார்கள். செத்தவரை லீவில் வைத்திருக்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களுக்கு வழியில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருக்கைக்குத் திரும்பி மறுபடியும் பில்லைத் திறந்தபோதுதான், அதன் அடியில் இருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. கடைசியாகப் பார்த்தவர்: துணை நிதி அதிகாரி. இன்று காலை.

அதற்கு முந்தைய பதிவுகளையும் திறந்தாள். முந்தைய நாளும் பார்த்திருக்கிறார். அதற்கு முந்தைய நாளும். திறந்து பார்த்திருக்கிறார், அனுமதிக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாடியேறினாள். நிதிப் பிரிவில் விளக்குகள் பாதி அணைந்திருந்தன. இறந்தவரின் அறையில் மட்டும் வெளிச்சம். அவருடைய உதவியாளர் தன் சின்ன மேசையில் உட்கார்ந்து, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் முதுகில் அதிகாரியின் மேல்சட்டை, அதன் பையில் கண்ணாடிக்கூடு துருத்திக்கொண்டிருந்தது. மேசைமேல் டீ, ஆவி பறந்தது.

"இந்த ஜெனரேட்டர் பில் சார்" என்று நாற்காலியிடம் சொல்லிக்கொண்டிருந்தார் உதவியாளர். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு அடுத்ததைத் திறந்தார்.

"அண்ணே" என்றாள் அவள்.

அவர் திடுக்கிடக்கூட இல்லை. "வாம்மா. உன் பில்லுதானே? தினமும் காட்டிட்டுத்தான் இருக்கேன். சார் இன்னும் தலையாட்டலை."

விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. அதிகாரி திரையைத் தொட்டதே இல்லை. கடவுச்சொல் உதவியாளரிடம். இத்தனை வருஷமும் இவர் வாசிப்பார், அவர் தலையாட்டுவார், இவர் அழுத்துவார். மூன்று வாரமாக இவர் வாசிக்கிறார். அழுத்த மட்டும் கை வரவில்லை.

'நல்ல மனிதர் இந்த அண்ணன், பாவம்' என்று நினைத்தாள். நேராக நிதித் தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விசாரணை, கணினியை முடக்குவார்கள், சனிக்கிழமை போயே போய்விடும். அவள் காலி நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

"சார், பில் நம்பர் நாலாயிரத்து நானூத்தி எழுபத்தொண்ணு. சரக்கு வந்தாச்சு, சரிபார்த்தாச்சு. உங்க அனுமதிதான் பாக்கி. சனிக்கிழமையில இருந்து டயாலிசிஸ் நின்னுடும் சார்."

நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உதவியாளரைப் பார்த்துச் சொன்னாள்: "தலையாட்டிட்டாருண்ணே."

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. கண்ணில் நீர் கட்டியது. "உனக்கும் சார் தெரியறாரா? நல்லவேளை தாயி! எனக்குத்தான் புத்தி பேதலிச்சுடுச்சோன்னு பயந்துகிட்டிருந்தேன்."

அழுத்தினார்.

மறுநாள் பணம் போயிற்று, வெள்ளிக்கிழமை மாலை பெட்டிகள் வந்து இறங்கின. சனிக்கிழமை தம்பி கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றான்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மேலே அனுமதிகள் மளமளவென்று விழத் தொடங்கின. ஜெனரேட்டர், துணி வெளுப்பு, மருந்து, எல்லாம். நிதித் தலைவருக்கு இப்போது எந்த அவசரமும் இல்லை. சான்றிதழ் என்னவாயிற்று என்று அவள் கேட்டபோது, "வேலைதான் நடக்குதே, மெதுவா வரட்டும்" என்றார். வேலை எப்படி நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மாடிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த மாத டயலைசர் பில் வந்தது. எல்லாம் தேறியது, இரண்டாம் கட்டத்தில் நின்றது. மற்ற பில்களெல்லாம் போக இது மட்டும் நின்றது. சப்ளையர் மறுபடி கணக்கை முடக்கினார். இந்த முறை கையிருப்பு இன்னும் குறைவு. வேறு வழியில்லாமல் மாடியேறினாள்.

டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியை நிமிர்ந்து பார்க்காமலே எண்ணைச் சொன்னாள், எது நிற்கிறது என்று சொன்னாள், காத்திருந்தாள்.

"தலையாட்டிட்டாருண்ணே" என்றாள்.

உதவியாளர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், வருத்தத்தோடு.

"ஏம்மா பொய் சொல்ற? வேண்டாம்னு ஆட்டுறாரே. பில்லைத் திறந்ததுல இருந்து அதேதான். போன தடவையே உன்மேல அவருக்குக் கோவம்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். மேல்சட்டையின் ஒரு கை இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கீழே வந்தாள். நிதித் தலைவருக்கு எழுத உட்கார்ந்தாள். ஆர்டர் எண், பில் எண், யாரிடம் நிற்கிறது, எது நிற்கிறது. எல்லாம் வழக்கம்போல வந்தது. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, போன மாதத்து பில்லின் எண்ணையும் எழுதினாள்: நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று. இறந்தவர் தலையாட்டியதாகத் தான் சொன்னதையும், அதை நம்பி உதவியாளர் அழுத்தியதையும் எழுதினாள். அனுப்பிவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள்.

"என் வேலை போயிடும்டா. சனிக்கிழமை உனக்கு ஊசி போடுவாங்களான்னு மட்டும் தெரியலை" என்று சொல்லி, முதன்முறையாக அவன் காதுபட அழுதாள்.