மூச்சைப் பிடித்து எடுத்த வளைகாப்புப் படம்

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த பெண்ணுக்கு சுங்குவார்சத்திரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வளைகாப்பு. அவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். போன் கம்பெனியில் லைனில் நின்று கேமராவைச் சோதிக்கிற வேலை. அவள் புருஷன் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்குப் போகிறவன். அன்றைக்குப் பார்த்து அவனுக்கு லீவு தரவில்லை.

"எங்கம்மா உனக்கு மொத வளையல் மாட்டுவாங்கல்லா, அதை மட்டும் தெளிவா எடுத்து அனுப்பிரு. பிரேக்ல பாத்துக்கிடுதேன்" என்று பொண்டாட்டியிடம் கெஞ்சிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனான். போகும்போது முகமே சரியில்லை.

அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் நாலு பேர் கூடின இடத்தில் வாயே திறக்கமாட்டேன். போட்டோ என்றால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். புருஷனை இழந்தவள் என்பதால் வளையல் போடவும் யாரும் கூப்பிடப் போவதில்லை.

"போன் உங்க கையில இருந்தா நீங்க முன்னாடியே நிக்கலாம், பெரியம்மா. உங்களை யாரும் எடுக்கவும் முடியாது" என்றாள் அவள். அது எனக்குப் பிடித்துப்போனது.

மண்டபத்தில் போய்ப் பார்த்தால் கரண்ட் இல்லை. இன்வர்ட்டரில் ரெண்டு டியூப்லைட் மட்டும் சோகையாக எரிந்தது. ஆட்கள் வருவதற்கு முன்னால் அவளை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். படம் ஆடிப்போய் அவளுக்கு நாலு கண் இருந்தது. போனில் இருக்கிற லைட்டைப் போட்டு எடுத்தேன். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி, வளையல் வெட்டு மின்னல் மாதிரி, பின்னால் ஒரே இருட்டு.

அவள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். வெளிச்சம் கம்மியாக இருந்தால் கேமரா கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்குமாம். அதற்குள் கை ஆடினால் படமும் ஆடிவிடுமாம்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க. முழங்கைய விலாவோட ஒட்டிக்கிடுங்க. காலை அகட்டி நில்லுங்க. பாதி மூச்ச விட்டுட்டு மீதியப் பிடிச்சுக்கிடுங்க. பெறவு மெதுவாத் தொடுங்க, கொசுவ அடிக்கிற மாதிரி அடிக்காதீங்க."

அப்படியே சீர்த்தட்டை எடுத்தேன். புளியோதரையில் கிடந்த கடலைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

விசேஷம் ஆரம்பித்தது. மாமியார் வளையலை எடுத்தார்கள். நான் முழங்கையை ஒட்டி, மூச்சைப் பிடித்துத் தொட்டேன். நாற்காலி பளிச்சென்று வந்தது, மாலை பளிச்சென்று வந்தது, மாமியாரின் கை மட்டும் புகை மாதிரி இருந்தது. அந்த அம்மா கையை ஆட்டாமல் பேசமாட்டார்கள். நான் ஆடாமல் இருந்து இன்னா பிரயோஜனம், எதிரில் இருக்கிறவர்களும் ஆடாமல் இருக்கணுமே!

நல்ல காலம், வளையல் இன்னும் விரல்முட்டியைத் தாண்டவில்லை. "ஏட்டி, கைய மடக்கு! சோப்பு போடச் சொன்னேன்லா?" என்று மருமகளை அதட்டிக்கொண்டே திருகினார்கள். வளையல் உள்ளே போய்விட்டால் அவ்வளவுதான். "கொஞ்சம் ஆடாம இருங்க" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவேண்டும். வெட்கம் ஒரு பக்கம். மறுபடி மூச்சைப் பிடித்தாயிற்று, அது ஒரு பக்கம். வாயைத் திறந்தால் ரெண்டும் போய்விடும். அப்படியே நின்றேன்.

பக்கத்தில் நின்றிருந்த எங்கள் தெருக்காரி என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, காபி குடிச்சியா?"

நான் மூச்சை விடவில்லை.

"அக்கா! இன்னாத்துக்கு இப்படி வெறைச்சிக்கினு நிக்கிறே?"

நான் அசையவில்லை. முழங்கை விலாவில், கண் போனில், உடம்பெல்லாம் வேர்வை.

"ஐயையோ! அக்காவுக்கு மூச்சு வரலியே!"

கூடம் முழுக்க ஒரு நொடி அப்படியே நின்றது. மாமியாரின் கையும் நின்றது. வளையல் அப்போது சரியாக மணிக்கட்டில் ஏறுகிற இடத்தில் நின்றிருந்தது.

தொட்டேன்.

அதற்குள் யாரோ ஒரு சோடாவை என் மூஞ்சியில் ஊற்றினார்கள். போனை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, "நல்லாத்தான் கீறேன்!" என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி என் சொந்தக்காரர்களே கேட்டதில்லை.

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தோம். வளையலில் இருந்த பூவேலை வரை தெளிவு. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியும் என்பதால் அவள் மட்டும் கையை நீட்டி லட்சணமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரின் வாய் அவ்வளவு அகலத்துக்குத் திறந்திருந்தது, கடைவாயில் வெற்றிலைகூடத் தெரிந்தது.

"இதை அழிச்சுரு" என்றார்கள் மாமியார்.

"அனுப்பியாச்சு அத்தை."

பிரேக் நேரத்தில் அவன் வீடியோ காலில் வந்தான். கண் கலங்கியிருந்தது. "வளையல் நல்லாத் தெரியுது" என்று மட்டும் சொன்னான். அப்புறம் மெதுவாக, "ஆனா எங்கம்மாவுக்கு என்னட்டி ஆச்சு?" என்று கேட்டான்.

மாமியார் போனைப் பிடுங்கினார்கள். "ஒங்க வீட்டு ஓனரம்மா போட்டோ எடுத்தாவலே, செத்துட்டாவன்னு நெனச்சோம்!"

அவன் சிரித்த சிரிப்பில் படம் முழுக்க ஆடியது. அந்தப் பக்கம் அவன் போனை ஒற்றைக் கையில் பிடித்திருந்தான்.