குழாய்களுக்குப் பேர் வைத்தவர்

என் தங்கை வாக்கப்பட்ட வீட்டின் கடைக்குட்டி வேதியியல் வாத்தியார். ஊருக்கு அவர் ‘குடுவை வாத்தியார்’. பிள்ளைகளுக்குச் செய்முறை நோட்டு எழுதிக் கொடுத்தபோது இங்கிலீஷ் பேரை ஒன்றுவிடாமல் மாற்றினார். பீக்கர் முகவையானது. பிப்பெட் உறிஞ்சுகுழாய், அடியில் திருகு வைத்த நீளமான பியூரெட் சொட்டளவி. ஆக்சிஜன் உயிர்வளி, சோடியம் உவர்மம்.

“உவர்மமா? கடைக்காரன் உப்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டப் போறான்டா,” என்று சிரித்தாள் அவருடைய அக்கா. “பரீட்சைத் தாள்ல அவங்க வேற பேர் போட்டா என்ன பண்ணுவ?”

“பிள்ளைங்களுக்குப் புரிஞ்சா போதும்க்கா. புரிஞ்சவன் எந்தத் தாளுக்கும் பயப்பட மாட்டான்.”

அந்த அக்காவின் மகளும் அவர் வகுப்பில்தான் படித்தாள். வகுப்பில் சார் என்று கூப்பிடச் சொன்னாலும் வாய் தவறி “மாமா” என்பாள். வகுப்பே கொல்லென்று சிரிக்கும். மற்றப் பிள்ளைகள் விவரமானவை. போன வருஷத்து அண்ணன், அக்காமாரின் இங்கிலீஷ் பேர் போட்ட பழைய நோட்டையும் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு இரண்டு வகைப் பேரையும் படித்தன. இவள் மட்டும் தொடவில்லை. மாமா எழுதியது இருக்கும்போது வேறு எதற்கு?

செய்முறைத் தேர்வில் தேறினால்தான் மருந்தாளுநர் படிப்பில் இடம். தேர்வு நடத்த வெளிப்பள்ளி அம்மா ஒருவர் வந்தார். சொந்தக்காரப் பிள்ளை எழுதுவதால் வாத்தியார் மார்க் போடக் கூடாது. அலமாரி பக்கம் நின்று பொருள் எடுத்துக் கொடுக்கலாம், வாய் திறக்கக் கூடாது.

சீட்டில், ‘பியூரெட்டில் அமிலம், பிப்பெட்டில் காரம்’ என்று இருந்தது. அவள் சீட்டைப் பார்த்தாள், இரண்டு குழாயையும் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள். அவர் அலமாரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். தெரியாததை ஊகித்து, திருகுக் குழாயில் காரத்தை ஊற்றினாள். அமிலத்தை உறிஞ்சிக் குடுவையில் விட்டாள். நிறம்காட்டியும் விட்டாள். கை சுத்தம், ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

“என்னம்மா இது?” என்றார் அந்த அம்மா. “ரோஸ் நிறம் போகணும். உனக்கு வருது! எதுல எதை ஊத்துற?”

“மேடம், இது சொட்டளவிதானே?”

“அப்படி ஒண்ணு இந்தத் தாள்ல எங்க இருக்கு?”

அலமாரிக்குள் கண்ணாடி ஏதோ உரசிய சத்தம் கேட்டது. வாத்தியார் திரும்பவில்லை. தலைகீழாக எடுத்த அளவை வைத்து அவள் போட்ட கணக்கும் தப்பாகத்தான் வந்தது.

இடம் கிடைக்கவில்லை. தையல் கடையில் பட்டன் தைக்கப் போய்விட்டாள். அடுத்த வருஷம் வாத்தியார் அச்சுப் புத்தகத்தில் இருந்த பேரையே கரும்பலகையில் எழுதிப் போட்டார். எழுதியதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாராம்.

ஒரு நாள் நான் அவருடைய அக்கா வீட்டில் இருந்தபோது வாத்தியார் வந்தார். “மறுபடி எழுதிப் பாரும்மா, மாமா பணம் கட்டுறேன்,” என்றார்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: “வேண்டாம் சார்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.