கெடுவுக்குள் தீர்ந்த புகார்

விழுப்புரம் அலுவலகத்தில், எங்கள் கிளைகளின் கணினி, போன் பழுதுகளைப் பார்க்கும் ஒப்பந்த நிறுவனம் தரும் மாத அறிக்கையைச் சரிபார்ப்பது என் வேலை. அந்த மாதம் எல்லாப் புகாரும் கெடுவுக்குள் தீர்ந்ததாம், நூற்றுக்கு நூறு. எனக்கு நூறைக் கண்டாலே சந்தேகம். பட்டியலில் இருந்த திண்டிவனம் கிளை எழுத்தரைச் செல்போனில் கூப்பிட்டேன்.

"எங்க சார் தீர்ந்துச்சு? இன்னும் பேஜாருபட்டுக்கினுதான் இருக்கோம்."

அறிக்கையோடு வந்திருந்த நிறுவன மேலாளரிடம் திரும்பினேன்.

"மூணு தடவ போன் பண்ணோம் சார், யாரும் எடுக்கல. ஆள் கிடைக்கலன்னா ரூல்படி புகார் டிக்கெட்ட மூடிடலாங்க."

"எந்த நம்பருக்குப் பண்ணீங்க?"

"கிளை ஆபீஸ் நம்பருக்குத்தாங்க."

புகாரை அவர் முன்னால் தள்ளினேன். அதில் ஒரே வரிதான் இருந்தது: 'ஆபீஸ் போன் வேலை செய்யவில்லை.'