போய் வருகிறோம் என்று எழுதிய நோட்டீஸ்

வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுப்பது ஒரு வேலையே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். தேதி, வீட்டு முகவரி, இன்ன நாளில் காலி செய்கிறோம், டெபாசிட்டைத் திருப்பித் தரவும், கையெழுத்து. அவ்வளவுதானே? மலேசியாவில், ராவாங் டவுனில் ஒரு பேக்டரி ஆபீசில் தினமும் இதைவிட நீளமான கடிதங்களை டைப் செய்து சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் எங்கள் வீட்டில் என் மாமியாரும் இருக்கிறார்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் நாங்கள் ஆறு வருஷம் இருந்த அந்தத் தெரஸ் வீடு, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு, ஒரு பாய்க்குச் சொந்தம். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வாடகை கொடுக்கப் போனால் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப மாட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அக்ரிமெண்ட் என்று வந்துவிட்டால் வேறு ஆள். இரண்டு மாத வாடகை டெபாசிட், கரண்டுக்கும் தண்ணிக்கும் அரை மாதம் தனி. வீட்டை விடுவதென்றால் இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் டெபாசிட் பர்ன். பர்ன் என்றால் எரிந்து போனது, கேட்கவே கூடாது.

என் கணவருக்குச் செரண்டாவில் வேலை. மோட்டார் சைக்கிளில் போய் வந்து முதுகு போய்விட்டது. அங்கேயே ஒரு வீடு பார்த்தோம். அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பாதி டெபாசிட்தான் கொடுக்க முடிந்தது. குடி வந்த வாரத்துக்குள் மீதியைக் கட்டவில்லை என்றால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்று அந்தம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் செய்துவிடுவார்கள். பாயிடமிருந்து வருகிற டெபாசிட்டை நம்பித்தான் அங்கே தலையாட்டிவிட்டு வந்தோம்.

நான் மலாய் மொழியில் டைப் செய்து கொண்டுவந்த நோட்டீசை மாமியார் தொடக்கூட இல்லை.

“ஆறு வருசம் சோறு போட்ட வீடு. கவுர்மெண்டுக்கு எழுதுற மாதிரி எழுதுவியா? அந்தத் தம்பி நல்லாத் தமிழ் படிக்கும். தமிழ்ல எழுது.”

சரி, தமிழில் எழுதினேன். “வீட்டைக் காலி செய்கிறோம்” என்ற முதல் வரியிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

“காலியா? விளக்கு ஏத்துற வீட்டப் போயி காலிங்கிற? வேற வார்த்தையே கெடைக்கலையா உனக்கு?”

“அத்தை, அதுக்கு அதுதான் வார்த்தை.”

“அப்ப அந்த வார்த்தை வேணாம்.”

“போகிறோம்” என்று எழுதினேன். அது காலியைவிட மோசமாம். எங்கள் வீட்டில் மார்க்கெட்டுக்குப் போனாலும் போகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். டெபாசிட் வரிக்கும் அடி விழுந்தது. விடைபெறுகிற கடிதத்தில் காசைக் கொடு என்று கேட்பது மரியாதையா? என் கணவரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எப்படியோ தொலையட்டும் என்று மாமியார் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:

“மதிப்பிற்குரிய பாய் அவர்களுக்கு, வணக்கம். எங்களுக்குச் செரண்டாவில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் கழித்து, மாதக் கடைசியில், அங்கே போய் வருகிறோம். எங்கள் டெபாசிட் தங்களிடம் இருக்கிறது. பார்த்துச் செய்யவும்.”

கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் அப்போது மீன் குழம்பு வாளிக்கும் கல்லாவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. “ரொம்ப சந்தோஷம். நல்லபடியா போயிட்டு வாங்க.” கூடவே ஒரு கட்டைவிரல். பார்த்தாயா, எழுதுகிற மாதிரி எழுதினால் எப்படிப் பதில் வருகிறது என்று மாமியார் இரண்டு நாள் வீட்டுக்குள் நிமிர்ந்து நடந்தார்.

இரண்டு மாதம் கழித்து, மாதக் கடைசி சனிக்கிழமை. லோரி முதல் நடை செரண்டாவுக்குப் போய்விட்டது. மாமியார் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாவது நடைக்குக் காத்திருந்தார். நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“என்ன தங்கச்சி இது?” என்றார் பாய்.

“சாவி, பாய்.”

“எனக்கு எதுக்குச் சாவி? வர்ற வரைக்கும் வீட்டப் பாத்துக்கணுமா? செடிக்குத் தண்ணி ஊத்தணுமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. “வீட்ட விட்டுட்டோம் பாய், நோட்டீஸ் குடுத்தேனே” என்றேன். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். மேலே கொஞ்சம் குழம்பு. விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

“வீடு அமைஞ்சிருக்குன்னு போட்டிருக்கீங்க. சரி, சொந்தமா வாங்கிட்டாங்க, நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன். போய் வருகிறோம்னு போட்டிருக்கீங்க. வீடு குடி புகுற விசேசம், போயிட்டு வருவாங்க. டெபாசிட் உங்ககிட்ட இருக்கு பாத்துக்குங்கன்னு போட்டிருக்கீங்க. நானும் பத்திரமா வச்சிருக்கேன். இதுல நோட்டீஸ் எங்க லா இருக்கு?”

“நீங்கதானே போயிட்டு வாங்கன்னு பதில் போட்டீங்க!”

“ஆமா. போயிட்டு வாங்கன்னுதானே சொன்னேன்? போங்கன்னு சொன்னேனா?”

அந்த மனுஷர் விளையாடவில்லை. போன வாரம் ஒரு வாத்தியார் குடும்பத்தோடு வந்து வீடு கேட்டாராம். வீட்டில் ஆள் இருக்கிறார்கள், விசேஷத்துக்குப் போகிறார்கள், வந்துவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இனி புது ஆள் வரும்வரை வீடு சும்மா கிடக்கும். எழுத்தில் இரண்டு மாத நோட்டீஸ் இல்லை, ஆகவே அக்ரிமெண்ட் பிரகாரம் பர்ன். குரலை உயர்த்தாமல் சொன்னார். செரண்டா வீட்டுக்காரம்மாவின் சிரிப்புதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“மொதல்ல வீட்ட வந்து பாருங்க பாய். ஒரு சாமான் கிடையாது. திரும்பி வர்றவங்க அப்படியா வழிச்சு எடுத்துட்டுப் போவாங்க?” என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவர் மீட்டரைப் பார்த்தார். கடைசி பில்களைக் கட்டின ரசீதைப் பார்த்தார். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைத் தடவினார். எல்லாம் சரி. கடைசியில் அடுப்படிக்குள் போனவர் அங்கிருந்து குரல் கொடுத்தார்.

“தங்கச்சி, இங்க வாங்க.”

கழுவித் துடைத்த மேடையில் ஒரு போத்தல் உப்பு. பக்கத்தில் ஒரு கிண்ணம் அரிசி. பாய் கைப்பேசியை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தார்.

“சாமான் இல்லன்னீங்க. அடுப்படியே இருக்கு. இது திரும்பி வர்ற வீடு தங்கச்சி.”

“அத்தை!” என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மாமியார் அசரவில்லை. “வீட்டத் தொடச்சு எடுத்துட்டா போவாங்க? வர்றவங்களுக்கு உப்பும் அரிசியும் இருக்க வேணாமா?”

பாய் தலையைத் தலையை ஆட்டினார். “அம்மா சொல்றது நியாயம்” என்றார். நியாயமாம்! எங்கள் மரியாதையெல்லாம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அவர் பக்கம் சாட்சி சொல்லப் போய்விட்டது.

எனக்கு அழுகை வந்தது. அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“நானும் கல்லு இல்ல தங்கச்சி. கடுதாசியக் குடுத்த தேதி சரியாத்தான் இருக்கு. கீழ ஒரே ஒரு வரி எழுதுங்க. ‘போகிறோம், இனி வரமாட்டோம்.’ அந்தத் தேதியிலேயே நோட்டீஸ் வாங்குனதா வச்சுக்கிறேன். இப்பவே காச அனுப்புறேன்.”

பேனாவை எடுத்தேன். மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். “புது வீட்ல இன்னும் பால்கூட காய்ச்சல. அதுக்குள்ள உன் கையால அத எழுதுவியா?”

“பால் காய்ச்ச வீடு வேணும் அத்தை! டெபாசிட் இல்லன்னா அந்த வீடும் இல்ல! இந்த வீடும் இல்ல! லோரிலயா பால் காய்ச்சுவீங்க?”

ஆறு வருஷத்தில் அவரிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, காலியாகக் கிடந்த கூடத்தைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்க்கு நேராக வந்து நின்றார்.

“அவ எழுத வேணாம். வாழ வேண்டிய புள்ள. நான் சொல்றேன், கேட்டுக்க. போறேன்யா. இனி வரமாட்டேன். போதுமா? குடு டுயிட்ட, எங்க காச.”

பாயின் முகம் செத்துப்போய்விட்டது.

“யா அல்லா! என்ன பேச்சும்மா இது? என் வீட்டு வாசல்ல நின்னுகிட்டு வயசானவங்க சொல்ற வார்த்தையா இது?”

“நீதானே கேட்ட?”

“நான் எழுதத்தானே சொன்னேன்! வாயால சொல்லச் சொன்னேனா? மாத்திச் சொல்லுங்க. வர்றேன்னு சொல்லுங்க மொதல்ல.”

“வர்றேன்னு சொன்னா நோட்டீஸ் இல்லம்ப.”

“நோட்டீஸ் கெடக்கு விடுங்கம்மா! நீங்க சொல்லுங்க, நான் அனுப்புறேன்.”

கைப்பேசியில் கணக்கு எண்ணைத் தட்டிவிட்டு, அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு நின்றார். அந்த விரலையே பார்த்துக்கொண்டு நான் நின்றேன். மாமியார் அவசரப்படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்லா இரு. போயிட்டு வர்றேன் தம்பி.”

“போயிட்டு வாங்கம்மா” என்றார் பாய். என் கைப்பேசி டிங் என்றது. ஒழுகுகிற அடுப்படிக் குழாய்க்கு மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, டெபாசிட் முழுக்க வந்திருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டு மாதமாக அந்த மனுஷர் நாங்கள் திரும்பி வருவோம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“அந்த வாத்தியாரக் கூப்பிட்டுப் பாரு. உப்பு, அரிசியெல்லாம் இருக்குன்னு சொல்லு” என்றார் மாமியார்.

லோரி வரும் சத்தம் கேட்டது. பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி அக்ரிமெண்ட் ஆளாகிவிட்டார். பணம் வந்ததற்கு எழுத்தில் வேண்டும் என்றார். அதே கடிதத்தின் பின்பக்கம் திருப்பி எழுதினேன்: “வீட்டையும் சாவியையும் ஒப்படைத்தோம். டெபாசிட் தொகையைப் பெற்றுக்கொண்டோம். இனி எந்தப் பாக்கியும் இல்லை.” கையெழுத்துப் போடப் போனேன்.

“இப்படி வெடுக்குன்னு முடிச்சா நல்லாவா இருக்கு?” மாமியார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “கீழ ‘போய் வருகிறோம்’னு அந்த ஒரு வரியப் போடு.”

நான் பயந்துபோய்ப் பாயைப் பார்த்தேன். அவர் பேனா பிடித்த என் கையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

“போடுங்க தங்கச்சி” என்றார். “அது இல்லாம நான் வாங்க மாட்டேன்.”