பாதியா, மூன்றிலொன்றா

பெற்றிசியா தையல் ஆசிரியை. அரிப்புக் கிராமத்துக்குப் பக்கத்துக் கடற்கரைப் பாடசாலை ஒன்றில் பதினொரு வருடமாகச் சட்டைக்கழுத்து வெட்டவும் காஜா எடுக்கவும் சொல்லிக்கொடுத்து வந்தவள். 2003ஆம் ஆண்டு தை மாதத்தில் கணித ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போய்விட, அதிபர் அமிர்தநாயகம் அவளைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்.

"ஆள் வரும்மட்டும் பதினோராம் வகுப்புக் கணக்கை நீங்கள் பாருங்கோ, ரீச்சர். அளவெடுக்கிற ஆள்தானே நீங்கள்."

"சேர், அளவெடுக்கிறது வேறை, கணக்கு வேறை."

"எனக்கும் தெரியும். வேறை ஆர் இருக்கினம், சொல்லுங்கோ."

சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. இப்படித்தான் பெற்றிசியா முப்பத்தெட்டாவது வயதில் கணித ஆசிரியை ஆனாள். முதல் நாள் இரவு படித்ததை மறுநாள் காலையில் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு தவணை இப்படியே ஓடியது.

கூம்பு வந்த இடத்தில்தான் பிசகியது. அவளிடம் இருந்த ஒரேயொரு பாடநூலில் அந்தப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. செங்கோண முக்கோணி ஒன்றை அதன் செங்கோணப் பக்கங்களில் ஒன்றைச் சுற்றிச் சுழற்றினால் கூம்பு வரும் என்ற வசனம் மட்டும் மிஞ்சியிருந்தது. மீதியை அவளே யோசித்தாள். செவ்வகத்தைச் சுழற்றினால் உருளை. செவ்வகத்தை மூலைக்கு மூலை வெட்டினால் பாதி முக்கோணி. ஆகவே கூம்பின் கனவளவு உருளையின் பாதி. தானாகவே கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்படியே கரும்பலகையில் எழுதினாள்.

தவணைப் பரீட்சையிலும் அதைக் கேட்டாள். செங்கோணப் பக்கங்கள் ஏழும் பன்னிரண்டும் சென்ரிமீற்றர்; பன்னிரண்டைச் சுற்றிச் சுழற்றினால் கனவளவு என்ன? உருளைக்கு 1848. பாதி 924. வகுப்பு முழுவதும் 924 என்று எழுதியிருந்தது. ஸுஹறா மட்டும் 616 என்று எழுதியிருந்தாள். பெற்றிசியா சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டாள்.

ஸுஹறாவின் குடும்பம் பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு அந்த வருடம்தான் ஊர் திரும்பியிருந்தது. விடைத்தாளைக் கொடுத்த அன்று அவள் மேசைக்கு வந்து நின்றாள்.

"டீச்சர், புத்தளத்தில மூண்டில ஒண்டு எண்டுதான் தந்தாங்க."

"ஏன் மூண்டிலை ஒண்டு? செவ்வகத்திலை பாதிதானே முக்கோணி?"

ஸுஹறா யோசித்தாள். "நீங்க சொல்றதும் சரி மாதிரித்தான் இருக்கு. ஏன் எண்டு அங்க சொல்லல்ல, டீச்சர். பாடமாக்கச் சொன்னாங்க."

பெற்றிசியாவுக்கு அவளைக் கடிந்துகொள்ளவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. "போய் இரு, பாத்துச் சொல்லுறன்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் பிறிஸ்ரல் மட்டையை விரித்தாள். ஏழு ஆரை, பன்னிரண்டு உயரம். சரிவைக் கோடுபோட்டு அளந்தால் ஏறக்குறையப் பதினாலு. பாவாடை வெட்டிய கைக்கு இது பெரிய வேலையில்லை. பதினாலு ஆரையில் அரைவட்டம் வெட்டிச் சுருட்டினாள், கூம்பு வந்துவிட்டது. அதே ஆரையிலும் உயரத்திலும் ஒரு உருளையும் ஒட்டினாள். முற்றத்தில் குந்தி, காய்ந்த மணலைக் கூம்பில் நிரப்பி, அடிமட்டத்தால் தட்டையாக வழித்து, உருளைக்குள் கொட்டினாள். இரண்டாவது தரம் கொட்டியபின் உருளை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பவில்லை. மூன்றாவது தரம் கொட்டினாள். விளிம்புக்கு வந்து நின்றது.

வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த கணவன் லோறன்ஸ் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா விளையாட்டு?"

"மூண்டுதரம் கொள்ளுது."

"கண்ணாலை கண்டிட்டாய்தானே. பிறகென்ன?"

"ஏன் மூண்டு? வெட்டினது பாதிதானே?"

லோறன்ஸ் திரும்பவும் வலையைக் கையில் எடுத்தான். இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பிழையைச் சரியென்று சொல்லிக்கொடுத்து, சரியாக எழுதியவளுக்குக் கோடு போட்டிருக்கிறாள் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் தன்னுடைய யோசனை எந்த இடத்தில் வழுக்கியது என்பது பிடிபடவில்லை. அது தெரியாமல் வகுப்பில் போய் என்னத்தைச் சொல்வது?

மறுநாள் பெரிய செவ்வக மட்டையொன்றை, இருபத்தொன்று அகலம், முப்பத்தாறு உயரம், ஒரு தடியில் ஒட்டினாள். மூலைக்கு மூலை கோடு கீறி, அடிப்பக்கம் அகன்று தடியோடு ஒட்டிநிற்கும் முக்கோணிக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் பூசினாள். தடியை உருட்டினால் உள்ளே சிவப்புக் கூம்பு, வெளியே அதைச் சுற்றிய நீலம். இரண்டும் ஒரே அளவு மட்டை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் இம்மியும் பிசகாது. பிறகு எப்படி நீலம் இரண்டு மடங்கு இடத்தைப் பிடிக்கும்? மட்டையை முறைத்து முறைத்துப் பார்த்து அவளுக்குத் தலையிடி வந்ததுதான் மிச்சம்.

அந்தக் கிழமை பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை பழகினார்கள். மைதானத்தில் பிள்ளைகள் எட்டெட்டுப் பேராக வரிசையில் வந்து மூலையில் திரும்பினார்கள். உள்பக்கத்தில் நின்ற பிள்ளை நின்ற இடத்திலேயே காலை மாற்றிமாற்றி வைக்க, வெளிப்பக்கத்துப் பிள்ளை மூச்சிரைக்க ஓட வேண்டியிருந்தது.

பெற்றிசியா வேப்பமரத்தடியில் எழுந்து நின்றுவிட்டாள். எட்டுப் பிள்ளைகளும் ஒரே அளவுதான். ஆனால் ஓடுகிற தூரம் ஒன்றல்ல. சிவப்பு மட்டையின் பெரும்பகுதி தடிக்குப் பக்கத்தில் நிற்கிறது, கொஞ்சத் தூரமே சுற்றுகிறது. நீலத்தின் பெரும்பகுதி வெளியே நிற்கிறது, கூடத் தூரம் சுற்றுகிறது.

சரி, பாதியை விடக் குறைவு என்பது விளங்கிவிட்டது. ஆனால் துல்லியமாக மூன்றிலொன்று ஏன்?

மட்டையை வெட்டிப் பிரித்து, சிவப்பு முக்கோணியை ஒரு குண்டூசித் தலையில் சமநிலைப்படுத்திப் பார்த்தாள். தடிப்பக்கத்திலிருந்து ஏழு சென்ரிமீற்றரில், அதாவது அகலத்தின் மூன்றிலொன்றில், நின்றது. நீலம் பதினாலில் நின்றது. சரியாக இரண்டு மடங்கு. பரீட்சைக் கணக்குக்கு அதையே போட்டுப் பார்த்தாள். முக்கோணியின் பரப்பளவு 42. சமநிலைப் புள்ளி தடியிலிருந்து ஏழில் மூன்றிலொரு பங்கு தூரம். அது ஒரு சுற்றுப் போகும் தூரம், ஏழு ஆரை வட்டத்தின் சுற்றளவான 44இன் மூன்றிலொரு பங்கு. இரண்டையும் பெருக்கினாள். 616.

அவளுக்குப் பயம் பிடித்தது. இப்படிப் பெருக்கலாம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஏன் சரிவருகிறது என்றும் தெரியாது. தற்செயலோ என்று மூன்றுதரம் போட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை திரும்பத் தடியில் ஒட்டிய மட்டையோடும் ஒரு பை மணலோடும் வகுப்புக்குப் போனாள். "நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லித்தந்திட்டன். ஸுஹறா எழுதினதுதான் சரி" என்றாள். மணலைக் கொட்டிக் காட்டினாள், தடியைச் சுழற்றிக் காட்டினாள். விடைத்தாள்களைத் திரும்ப வாங்கி, ஸுஹறாவுக்குப் புள்ளி போட்டாள். மற்றவர்கள் அவள் சொன்னதைத்தான் எழுதினார்கள் என்பதால் அவர்களுக்கும் குறைக்கவில்லை. அது நியாயமா என்று அதிபரிடம் கேட்டாள். அவரும் தலையைச் சொறிந்தார்.

பாடம் முடிகிற நேரத்தில் ஸுஹறா எழும்பினாள்.

"டீச்சர், அதே முக்கோணிய ஏழுப் பக்கத்தில சுத்தினா ஆயிரத்து ஐம்பத்தாறு வருது. ஒரே முக்கோணிதானே?"

பெற்றிசியா சோக்கட்டியை எடுத்தாள். ஒரு கிழமைக்கு முன்னர் என்றால் திகைத்துப்போயிருப்பாள். இப்போது மட்டையைத் திருப்பி அளந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து சமநிலைப் புள்ளி பன்னிரண்டு சென்ரிமீற்றர் தூரம்; பரீட்சை முக்கோணியின் பக்கங்கள் மட்டையினதில் மூன்றிலொன்று, ஆகவே அதற்கு நாலு. 42ஐ அந்தச் சுற்றுத் தூரத்தால் பெருக்கக் கரும்பலகையில் 1056 வந்தது.

"கூடத் தூரம் ஓடுது, பிள்ளை" என்றாள்.

"அப்ப ஏன் பெருக்கினாச் சரிவருது?"

"அது எனக்குத் தெரியாது."

அடுத்த வருடம் பயிற்சி பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வந்தார். பெற்றிசியா தையல் அறைக்குத் திரும்பினாள். முதல் வாரமே அவரிடம் மட்டையைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டாள். அவர் ஒரு கொப்பித் தாள் நிறைய எழுதி விளக்கினார். பாதிவரைக்கும் அவளுக்கு விளங்கியது.