சாக்பீஸ் எழுதிய பெயர்

தர்மபுரிப் பக்கம் வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவர் செந்தாமரை. பக்கத்து ஊர் மாதையன் போனில் அனுப்பிய நடுகல் படத்தில், எழுத்துகளின் மேல் அவன் இழுத்த சாக்பீஸ் கோடு பளிச்சென்று இருந்தது.

"எங்க தெரு முப்பாட்டன் பேருதானக்கா? கல்லுக்குப் பக்கத்துல பேர்ப் பலகை வைக்கணும். மேலத்தெருக்காரன் தன் பாட்டங்கிறான்."

"சாக்பீஸ் கல்லுல இருக்கறதச் சொல்லல, உன் ஆசையச் சொல்லுது. தண்ணி ஊத்திக் கழுவிட்டு, காலை வெயில் சாய்வா விழும்போது எடுத்தனுப்பு."

புதுப் படத்தில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்பது நிழலோடு தெளிந்தது. பெயர் இருந்த இடம் பொரிந்துபோயிருந்தது.

"மாட்டு மந்தைய மீட்டுச் செத்தவன். அது உறுதி. பேரு படத்துல தெரியல, ஊகிச்சுச் சொல்ல மாட்டேன்."

"அப்ப மேலத்தெருக்காரன் பாட்டன் இல்லைன்னும் சொல்ல முடியாதா?"

"முடியாது."

மாதையன் சிரித்துவிட்டான். "சரி, ரெண்டு பேருக்கும் பாட்டனா இருக்கட்டும்."

பலகையில் பெயர் தெரியவில்லை என்றே எழுதினார்கள். பொங்கலன்று செந்தாமரைக்கு இரண்டு தெருவிலும் இலை போட்டார்கள்.